ரைஸ் குக்கர் பாதியிலேயே வார்முக்குத் தாவினால்: நான் காரணத்தைத் தேடிப் போன வழி

எங்கள் ரைஸ் குக்கர் எளிய வகை. முன்பக்கம் ஒரே ஒரு லீவர். குக், வார்ம் என்று இரண்டு விளக்குகள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. லீவரை அழுத்தினால் கொஞ்ச நேரம் குக்கில் நிற்கும், அப்புறம் ‘டக்’கென்று வார்முக்குத் தாவிவிடும். மூடியைத் திறந்தால் அரிசி பாதி ஊறி, கலங்கிய தண்ணீரில் கிடக்கும். உடனே மறுபடி அழுத்தினால் லீவர் பிடிக்காது. வார்மிலேயே விட்டுவைத்தாலும் பயனில்லை. அந்த நிலையில் சூடு 60, 70 டிகிரி அளவில்தான் இருக்கும். வெந்த சோற்றைச் சூடாக வைத்திருக்க அது போதும், அரிசியை வேகவைக்கப் போதாது.

“தண்ணியைக் கூட்டி வை” என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் போதாமல் அரிசி வேகாதிருந்தால், பாத்திரம் வற்றிப்போய் இருக்க வேண்டும். இங்கே தண்ணீர் அப்படியே நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பேன். வற்றிய பிறகு வார்முக்குப் போய், சோறு விறைப்பாக இருந்தால் தண்ணீர் அளவைப் பாருங்கள். தண்ணீர் இருக்கும்போதே போய்விட்டால் கோளாறு குக்கரில்.

ஏன் என்றால், குக்கரைத் தானாக வார்முக்கு மாற்றும் தெர்மல் சுவிட்ச் வேலை செய்யும் விதம் அப்படி. ஹீட்டர் தட்டின் நடுவில், ஸ்பிரிங் மேல் நிற்கும் வட்டமான சின்ன மூடி ஒன்று இருக்கும். அதனுள்ளே காந்தத்தோடு ஒட்டும் ஒரு துண்டு. லீவரை அழுத்தும்போது கீழிருந்து ஒரு காந்தம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும், ஹீட்டருக்கு முழு மின்சாரம் போகும். அந்தத் துண்டு சுமார் 103 டிகிரியைத் தொட்டதும் காந்தத்தை ஈர்க்கும் தன்மையை இழக்கும். ஸ்பிரிங் தள்ளிவிட, லீவர் மேலே வந்துவிடும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிய பிறகுதான் 103-ஐத் தாண்டும். ஆகவே தண்ணீர் இருக்கும்போதே சுவிட்ச் விட்டுவிட்டால், அது பாத்திரத்தின் சூட்டைப் பார்க்கவில்லை, தட்டின் சூட்டைப் பார்க்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் காந்தமோ ஸ்பிரிங்கோ கெட்டிருக்க வேண்டும். தாவிய உடனே மறுபடி அழுத்தினால் பிடிக்காததற்கும் இதுதான் காரணம்: அந்தத் துண்டு இன்னும் ஆறவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறிய குக்கரில் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை வைத்து லீவரை அழுத்திப் பார்த்தேன். அழுத்தமாகப் பிடித்து நின்றது. குளிர்ந்த நிலையிலேயே நிற்காவிட்டால் லீவர் கம்பி வளைந்திருக்கலாம், காந்தம் பலவீனமாகியிருக்கலாம். லீவர் நின்றும், பிளக் போட்டால் வார்ம் விளக்கே எரிகிறது என்றால் உள்ளே சுவிட்சின் காண்டாக்ட் கருகியிருக்கும். என் குக்கரில் இரண்டும் இல்லை.

அடுத்து, அரிசி போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓடவிட்டேன். நல்ல குக்கர் என்றால் தண்ணீர் கொதித்து, வற்றும் வரை குக்கிலேயே இருக்க வேண்டும். இது தண்ணீர் கொதிக்கும் முன்பே தாவியது. அரிசி மீதும் தண்ணீர் அளவு மீதும் இருந்த சந்தேகம் அத்தோடு போய்விட்டது.

குக்கர் ஆறிய பிறகு தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் கருகிய பருக்கை ஒன்று தார் போல ஒட்டியிருந்தது. நடு மூடியை விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் உடனே எழுந்தது, மறுபக்கம் தயங்கியது. பொங்கி வழிந்த கஞ்சி அந்த இடுக்கில் காய்ந்து இறுகியிருந்தது. பல்குத்தும் குச்சியால் கிளறி, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தேன். கருகல் போக நைசான உப்புத்தாளால் தட்டை மட்டும் லேசாகத் தேய்த்தேன். தட்டின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கீழே இருப்பதெல்லாம் மின் இணைப்புகள். மறுபடி தண்ணீர் சோதனை. இந்த முறை கொதித்தது. ஆனாலும் நிறையத் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே தாவிவிட்டது.

சரி, சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும் போல என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் குக்கரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “உள்பாத்திரம் கொண்டாந்தீங்களா தம்பி?” என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தட்டு முழுக்க சாக்பீஸைத் தடவி, பாத்திரத்தை உள்ளே வைத்து, இடதும் வலதுமாக ஒரு திருப்பு திருப்பி எடுத்தார். பாத்திரத்தின் அடியில் ஒரு பக்கம் பிறை மாதிரி வெள்ளை, மீதி இடமெல்லாம் சுத்தம். எப்போதோ கீழே விழுந்து அடி நெளிந்திருக்கிறது; கண்ணுக்குத் தெரியாத நெளிவு. தொடாத இடங்களில் தட்டின் சூடு பாத்திரத்துக்குப் போகாமல் தங்கிவிட, நடு மூடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு சுவிட்சை விட்டுவிடுகிறது. இப்படியே ஓட்டினால் ஒருநாள் தெர்மல் ஃபியூஸும் போய்விடும், அப்போது ஒரு விளக்கும் எரியாது என்றார். சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். தட்டினால் வேறு இடத்தில் நெளியும், வேண்டாம் என்றுவிட்டார்.

அவரிடம் இருந்த, இதே கொள்ளளவு கொண்ட வேறு மாடல் பாத்திரத்தை வைத்துப் பார்த்தோம். அதில் சாக்பீஸ் ஒட்டவே இல்லை. அதன் விளிம்பு குக்கர் உடம்பின் மேல் உட்கார்ந்துவிட, அடி தட்டைத் தொடாமல் தொங்கியது. லிட்டர் கணக்கை மட்டும் நம்பி பாத்திரம் வாங்கக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. விட்டம், ஆழம், அடியின் வளைவு மூன்றும் பொருந்த வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான பாத்திரத்தையே வரவழைத்தேன். சாக்பீஸ் வட்டமாகப் பதிந்தது, தண்ணீர் சோதனையிலும் வற்றும்வரை நின்றது. இந்தக் கட்டத்திலும் தாவியிருந்தால்தான் சுவிட்சை மாற்றியிருப்பேன். அதே வெப்பநிலை குறித்த சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் கணக்குக்கு வந்தேன். குக்கரோடு வந்த கப் 180 மில்லி. பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடுகள் அந்தக் கப்புக்குத்தான். அரிசியை டம்ளரில் அளந்து, தண்ணீரைக் கோட்டைப் பார்த்து ஊற்றினால் கணக்கு இடிக்கும். இப்போது பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கப்புக்கு ஒன்றரை கப் தண்ணீர் விடுகிறேன். புழுங்கல் அரிசிக்கு இரண்டரை வரை போகிறது. லீவர் தாவியதும் திறக்காமல் பத்து நிமிடம் மூடியே வைத்தால் மேலே இருக்கும் பருக்கையும் பதமாகிவிடும்.

பருப்பு சேர்த்துக் குழைவாக வைக்கும்போது மட்டும் இன்னமும் சில நேரம் முன்னதாகவே தாவுகிறது. கெட்டியான கலவை அடியில் படிந்து, அந்த இடம் மட்டும் 103-ஐத் தாண்டிவிடுவதால் வருவது அது. அதற்கு சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. நடுவில் ஒருமுறை அடியோடு கிளறிவிட்டு, கொஞ்சம் வெந்நீர் சேர்த்து, ஆறியதும் மறுபடி அழுத்துகிறேன்.