கட்டைவிரலால் படித்துப் பார்த்த தீபாவளி மெயில்

தீபாவளிக்காக ஒரு கைத்தறிக் கடைக்கு நீளமான விளம்பர மெயில் செய்தேன். பன்னிரண்டு சேலைகள், நெசவாளர்களைப் பற்றி நான்கு பத்திகள். கணினியில் அழகாகவே இருந்தது. அனுப்புவதற்கு முந்தின நாள் என் போனுக்கு ஒரு சோதனைப் பிரதி அனுப்பினேன். போனை ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் தள்ளிக்கொண்டே கடைசி வரை படித்தேன். கணினியில் ஜன்னலைச் சுருக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. மவுஸ் முனை ஊசி மாதிரி. எதையும் குறி தவறாமல் தொட்டுவிடும்.

முதலில் இடறியது வரி நீளம். "நெசவாளர்களிடமிருந்து" என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொண்டு நின்றது. என் போன் திரை 360 பிக்சல் அகலம். வெளி டேபிளில் பக்கத்துக்கு 40, உள் டேபிளில் 20 என இடைவெளி விட்டிருந்தேன். எழுத்துக்கு மிஞ்சியது 240தான். போதாததற்கு வரிகளை இருபுறமும் சமப்படுத்தியிருந்ததால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இருந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இந்த அகலத்தில் சமப்படுத்தவே கூடாது. இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி, உள் இடைவெளியை எடுத்துவிட்டு, வெளியே பக்கத்துக்கு 16 வைத்தேன். 328 பிக்சல் கிடைத்தது, மூன்று சொல் வரை நின்றது.

அப்புறம் லிங்குகள். "பட்டு | பருத்தி | லினன்" என்று ஒரே வரியில் ஒட்டி வைத்திருந்தேன். பருத்தியைத் தொட்டால் மூன்றில் ஒரு தடவை பட்டு திறந்தது. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, தனித்தனி வரிசையாக மாற்றினேன்.

அதிக நேரம் பிடித்தது "சேலைகளைப் பார்க்க" என்ற பட்டன். பார்வைக்கு நல்ல பெரிய செவ்வகம்தான். ஆனால் அதன் வலது மூலையை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எழுத்தின் மேல் விரல் பட்டால் மட்டும் திறந்தது. நிறமும், எழுத்தைச் சுற்றி இடம் விடும் `padding`-உம் டேபிளின் கட்டமான `td`-இல் இருந்தன, லிங்க் எழுத்தை மட்டும் சுற்றியிருந்தது. இரண்டையும் லிங்குக்கே கொடுத்தேன்:

```html
<a href="..." style="display:inline-block;
padding:14px 28px; font-size:16px;
line-height:20px; background:#8a1538;
color:#ffffff;">சேலைகளைப் பார்க்க</a>
```

மேலே 14, எழுத்துக்கு 20, கீழே 14. ஆக உயரம் 48. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடுமிடத்துக்குச் சொல்லும் அளவும் அதுவே. ஒரு குறை உண்டு: விண்டோஸ் கணினியின் பழைய அவுட்லுக் இந்த `padding`-ஐ மதிக்காது, அங்கே பட்டன் ஒல்லியாகத் தெரியும். இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் போனில் படிப்பவர்கள் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

மறுபடி அனுப்பி, ஒவ்வொரு பட்டனின் நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்த்தேன். கடைசிப் பட்டனை ஒட்டியே "இனி மெயில் வேண்டாம்" லிங்க் இருந்தது. சேலை பார்க்க வந்தவரின் விரல் அதில் பட்டுவிடக் கூடாது. நடுவில் 32 பிக்சல் இடம் விட்ட பிறகே, சரி, அனுப்பலாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.