சுத்தியல் இல்லாத கோர்ட் சீன்

கடைசி வருடக் குறும்படத்துக்குக் கோர்ட் சீன் எழுதி, ஷூட்டிங்கும் ஒருவழியாக முடிந்துவிட்டது. வடபழனிப் பக்கத்து வாடகைக் கடைக்காரர் மேல் இருக்கும் கடுப்பு மட்டும் தீரவில்லை. வக்கீல் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போதும் என்றோம். கூடவே மரச் சுத்தியல், சிவப்புத் துணி சுற்றிய தடிப் புத்தகம், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்பு அங்கி எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார். "கோர்ட் செட்டுன்னா மொத்தமாத்தான் தம்பி. எல்லாப் படத்துக்கும் இதுதான் போவுது." வாடகையும் மொத்தத்துக்குத்தான்.

நம் ஊர் நீதிபதிகள் சுத்தியலால் தட்டுவதில்லை. புனித நூலில் கைவைத்துச் சத்தியம் செய்வதும் கிடையாது. 1969ஆம் வருட உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம், அவ்வளவுதான். அங்கி கட்டாயம் என்பது ஹைகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் மட்டும். எங்கள் கதையோ திருவல்லிக்கேணியில் ஒரு செல்போன் பறிப்பு. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு முடிகிற வழக்கு. இயக்கும் நண்பனுக்குப் பாரிமுனைச் சிவப்புக் கட்டடத்தை ஒரு ஷாட் வைக்காமல் தூக்கம் வரவில்லை. ஹைகோர்ட்டில் இந்த மாதிரி வழக்குக்குச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க மாட்டார்கள் என்று புரியவைக்கவே ஒரு சாயங்காலம் போனது.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனேன். பொதுவாக யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். வாசலில் இருந்த காவலருக்கு அது பிடிக்கவில்லை. "உன் கேஸ் நம்பர் என்ன? கேஸ் இல்லாம எதுக்கு வந்த?" என்று அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனால் அன்றைக்குச் சாட்சியே வரவில்லை. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யாராவது கையைத் தூக்குவார், வாய்தா கொடுப்பார்கள், அடுத்த பெயர். மதியம்வரை இதேதான். போகிறவர்கள் முந்தைய நாளே ஏதாவது ஒரு வக்கீலைப் பிடித்து, நாளைக்குச் சாட்சி விசாரணை எந்த கோர்ட்டில் என்று கேட்டுக்கொண்டு போங்கள். போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். படம் எடுக்க நினைத்தால் போன் உங்கள் கைக்குத் திரும்புவது கஷ்டம்.

அப்புறம் ஒருநாள் உண்மையிலேயே சாட்சி வந்தது. சீனுக்கான உயிர் அங்கேதான் கிடைத்தது. சாட்சி சொல்வது அப்படியே பதிவாவதில்லை. சாட்சி ஒரு வரி சொல்கிறார், மாஜிஸ்திரேட் அதைக் கோர்ட் நடையில் திருப்பிச் சொல்கிறார், டைப்பிஸ்ட் அடிக்கிறார். அதுவரை வக்கீல் அடுத்த கேள்விக்குப் போக முடியாமல் நிற்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு காத்திருப்பு. கத்தல், மேஜையை அடித்தல் எதுவும் தேவையில்லை. அந்த இடைவெளியில் சாட்சியின் முகத்தையும், கைகட்டி நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தையும் காட்டினாலே போதும். கோர்ட் நடையில் அவன் பெயர் 'எதிரி'.

எங்கள் சீனில் சாட்சி, இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. பறித்துக்கொண்டு ஓடியவனைப் பார்த்தவர். முதல் விசாரணை அரசு வக்கீலுடையது. கோர்ட்டில் அவரை ஏபிபி என்பார்கள். இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: தன் சாட்சியிடம் அவர் பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கேட்கக் கூடாது. "ஓடினது இவன்தானே?" என்று கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்துவிடும். "அந்த ஆள் இப்ப கோர்ட்டுல இருக்காரா?" என்றுதான் கேட்க வேண்டும். அக்கா கையை நீட்டுகிறார். அதோடு வழக்கு முடிந்தது என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் கட்டுப்பாடு தலைகீழ். எதிர்த்தரப்பு வக்கீல் பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கலாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"இவரை அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது சார்."

"ஜெயில்ல நாலஞ்சு பேரோட நிக்கவெச்சு, இதுல யாருன்னு உங்களைக் கேட்கலை?"

"இல்ல சார்."

"ஸ்டேஷன்ல வெச்சுத்தான் காட்டினாங்க?"

"ஆமா சார். 'இவன்தான் திருடினவன், பாத்துக்கோ'ன்னாங்க."

மாஜிஸ்திரேட் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி நிதானமாகச் சொல்கிறார்: "எதிரியைக் காவல் நிலையத்தில் வைத்து எனக்குக் காட்டினார்கள் என்றால் சரிதான்." கீபோர்டு சத்தம். கேஸ் கட்டிலிருந்து ஏபிபி தலையைத் தூக்குகிறார். அக்காவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே தெரியவில்லை.

முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காட்ட வேண்டுமென்றால், சிறையில் ஒரு மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்துவது வழக்கம். அது இல்லாமல், ஸ்டேஷனில் காட்டிவிட்டுக் கோர்ட்டில் கைநீட்டச் சொன்னால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 'அணிவகுப்பு' என்ற சொல்லே சீனில் வரவில்லை. நாலஞ்சு பேரோடு நிறுத்துவது என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

இதற்கு மேல்தான் நண்பனோடு பெரிய சண்டை. "ஆக, போலீஸ் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறீர்கள்!" என்று வக்கீல் கர்ஜிக்க வேண்டும் என்றான். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீல் அண்ணன் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு அந்த வரியை அடித்தார். "அப்படிக் கேட்டா அந்தம்மா, 'இல்ல சார், நானும் நல்லாப் பாத்தேன், தெருவிளக்குக்குக் கீழதான் நின்னான்'னு சொல்லிடும். வேண்டியது கிடைச்சா உட்காரணும்ப்பா." ஆகவே எங்கள் வக்கீல் "அவ்வளவுதான் சார்" என்று உட்கார்ந்துவிடுகிறார். 'மை லார்ட்' இல்லை. கீழ்க் கோர்ட்டில் 'சார்' என்றோ 'ஐயா' என்றோ அழைக்கலாம் என்று பார் கவுன்சில் 2006லேயே விதி வகுத்திருக்கிறது.

அண்ணன் இன்னொரு உதவியும் செய்தார். சாட்சி உடைந்ததும் ஏபிபி சும்மா இருக்க மாட்டார், மறு விசாரணைக்கு எழுவார் என்றார். குறுக்கு விசாரணையில் வந்ததற்கு விளக்கம் கேட்க அது. கோர்ட் அனுமதித்தாலொழியப் புதுக் கதையை அதில் நுழைக்க முடியாது. எங்கள் ஏபிபி எழுகிறார், கட்டைப் புரட்டுகிறார், "மறு விசாரணை இல்லை சார்" என்று உட்காருகிறார். நடித்த பையனுக்கு வசனம் அது ஒன்றுதான் அங்கே. படத்திலேயே அவன்தான் பிரமாதம்.

இடம் கிடைப்பதற்குள் உயிர் போனது. மாதிரி நீதிமன்ற அறை தருவதாகச் சொன்ன ஒரு கல்லூரி, லைட்டெல்லாம் வாடகைக்கு எடுத்த பிறகு கையை விரித்தது. எங்கள் வகுப்பறை மேடையிலேயே மேஜையைப் போட்டு எடுத்தோம். ஒரு எச்சரிக்கை: கீபோர்டு சத்தத்தை ஷூட்டிங்கில் பிடிக்காதீர்கள், வசனத்தின் மேல் ஏறிவிடும். தனியாகப் பதிவு செய்து எடிட்டிங்கில் சேருங்கள்.

வழிகாட்டி ஆசிரியருக்கு முடிவு பிடிக்கவில்லை. தீர்ப்பு எங்கே என்றார். சாட்சியை விசாரித்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்கள், புலன் விசாரணை அதிகாரி உட்பட மற்ற சாட்சிகள் பாக்கி இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அக்கா வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறார், மாஜிஸ்திரேட் அடுத்த சாட்சிக்குத் தேதி சொல்கிறார், டவாலி வேறு யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிடுகிறார். சீனை அங்கேயே வெட்டினோம், மாற்றவில்லை.