Cold mail அனுப்புறதுக்கு முன்னாடி கூகுள்ல என் பேரை நானே தேடுன கதை

நான் ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர், ஊர் ஈரோடு. மெல்போர்ன் பக்கம் இருக்க சின்னச் சின்ன டிசைன் ஏஜென்சிகளுக்கு, கோடிங் வேலை இருந்தா நமக்குக் குடுங்கன்னு மெயில் போடலாம்னு லிஸ்ட் எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட இருந்து மெயில் வந்தா யாரா இருந்தாலும் முதல்ல என்ன பண்ணுவாங்க, பேரை காப்பி பண்ணி கூகுள்ல போடுவாங்க. அதனால முதல் மெயில் போறதுக்கு முன்னாடி அவங்க கண்ணுல என்ன படும்னு பாத்துடலாம்னு உக்காந்தேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு முதல் சிக்கலே இனிஷியல்தான். சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா போய் வேற மாதிரி, லிங்க்ட்இன்ல இன்னொரு மாதிரி. என் பேரு கார்த்திகேயன்னு வச்சுக்கங்க, அப்பா பேரு செல்வராஜ், அப்ப தேட வேண்டியது இவ்வளவு:

```
"Karthikeyan Selvaraj"
"Selvaraj Karthikeyan"
"Karthikeyan S" Erode
"S Karthikeyan" developer
"Karthikeyan S" filetype:pdf
```

மேற்கோள் குறி முக்கியம், அது இல்லன்னா உலகத்துல இருக்க எல்லா கார்த்திகேயனும் வந்து நிப்பாங்க. இது போக மெயில் ஐடி, போன் நம்பர், பழைய யூசர்நேம், இதையும் தனித்தனியா மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடணும். இன்காக்னிட்டோல தேடுனா மட்டும் போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, லாகின் ஹிஸ்டரி வராதுதான், ஆனா நாம இந்தியாவுல உக்காந்திருக்கோம்னு கூகுளுக்கு அப்பவும் தெரியும். அட்ரஸ் பார்ல கடைசில `&gl=au` சேத்தா ஆஸ்திரேலியால இருந்து தேடுற மாதிரி ரிசல்ட் ஓரளவுக்கு வரும், வரிசை கொஞ்சம் மாறுறது கண்ணுக்கே தெரியும்.

பெரிய அதிர்ச்சி என் பழைய போர்ட்ஃபோலியோ சைட். காலேஜ் முடிச்ச புதுசுல வாங்குன டொமைன், அப்புறம் தேவைப்படலன்னு ரினியூ பண்ணாம விட்டாச்சு. அதை யாரோ வாங்கி ஆன்லைன் சூதாட்ட சைட் ஆக்கி வச்சிருக்காங்க! இந்த மாதிரி காலாவதியான டொமைனைத் தேடி வாங்குறதுக்குன்னே ஆள் இருக்காங்க, ஏன்னா அதுக்கு ஏற்கனவே வெளியில இருந்து லிங்க் இருக்கும், கூகுள்ல சுலபமா மேல வந்துரும். என் லிங்க்ட்இன்ல, கிட்ஹப் புரொஃபைல்ல, ரெண்டு மூணு ரீட்மீ ஃபைல்ல எல்லாம் "என் வெப்சைட்"னு அந்த லிங்க்தான் இருந்துச்சு. ஏஜென்சிக்காரர் ஆர்வமா கிளிக் பண்ணா ஸ்லாட் மெஷின் சுத்தும்.

டொமைனைத் திருப்பி வாங்குறது நடக்காத காரியம், வாங்குனவன் சொல்ற விலை அப்படி. அதை விட்டுட்டு, அதுக்குப் போற வழியை எல்லாம் அடைக்கிறதுதான் புத்திசாலித்தனம். அதுக்கு இப்படித் தேடுனேன்:

```
"pazhayadomain.com" -site:pazhayadomain.com
```

`pazhayadomain` இருக்க இடத்துல உங்க டொமைனைப் போட்டுக்கங்க. அந்த சைட்டைத் தவிர்த்து வேற எங்க எல்லாம் அந்தப் பேரு இருக்கோ அது வரும். கூகுளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்காது, அதனால கிட்ஹப் உள்ள போய் அங்க இருக்க சர்ச்லயும் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், அதுலதான் ரீட்மீ எல்லாம் சிக்குச்சு. புரொஃபைல் பக்கம் எல்லாம் உடனே மாத்திட்டேன். கொஞ்சம் இழுத்தது npm பேக்கேஜ்தான். எப்பவோ போட்ட ஒரு குட்டி பேக்கேஜ், அதோட பக்கத்துல ஹோம்பேஜ்னு அதே லிங்க். கிட்ஹப்ல `package.json` மாத்துனா அங்க மாறாது, புது வெர்ஷன் பப்ளிஷ் பண்ணாத்தான் மாறும். ஒரு வரி கோடும் மாத்தாம வெர்ஷன் நம்பரை மட்டும் ஏத்தி பப்ளிஷ் பண்ணேன்.

அடுத்தது அந்த `filetype:pdf` தேடல்ல வந்தது. நான் படிச்ச காலேஜ் பிளேஸ்மெண்ட் லிஸ்ட்டை பிடிஎஃப்ஆ சைட்ல போட்டு வச்சிருக்காங்க, எங்க பேட்ச் மொத்தத்துக்கும் பேரு, பிறந்த தேதி, மொபைல் நம்பர், பத்தாவது மார்க் வரைக்கும். மெயில் போட்டேன், பதில் இல்ல. அப்புறம் டிபார்ட்மெண்ட்ல தெரிஞ்ச சார் ஒருத்தருக்குப் போன் பண்ணி, "சார், என் நம்பர் மட்டும் இல்ல, எல்லா பசங்க நம்பரும் இருக்கு சார்"னு சொன்னதும், "எடுத்துரச் சொல்றேன்ப்பா"ன்னார். எடுத்தாச்சுன்னு தகவலும் வந்துச்சு. பாத்தா பக்கத்துல இருந்த லிங்க்கை மட்டும் எடுத்திருக்காங்க, ஃபைல் சர்வர்ல அப்படியேதான் இருக்கு. இது ரொம்ப சகஜம். அதனால யாராவது எடுத்துட்டோம்னு சொன்னா அந்த பிடிஎஃப்போட நேரடி யூஆர்எல்லை இன்காக்னிட்டோல ஒட்டிப் பாருங்க, 404 வந்தாத்தான் எடுத்ததா அர்த்தம்.

திரும்பப் பேசி ஃபைலையே தூக்க வச்சதுக்கு அப்புறமும் கூகுள்ல ரிசல்ட்டும் கீழ ரெண்டு வரியும் தெரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. கூகுள் மறுபடி வந்து பாக்குற வரைக்கும் அது நிக்கும், அதை வேகப்படுத்த Refresh Outdated Content-ன்னு ஒரு பக்கம் இருக்கு, யூஆர்எல்லைக் குடுத்தா பக்கம் செத்துப்போச்சான்னு செக் பண்ணிட்டு எடுத்துருவாங்க. ஃபைல் உயிரோட இருக்கும்போது இது வேலைக்கு ஆகாது. காலேஜ் அசையவே இல்லன்னா கூகுளோட இன்னொரு ஃபார்ம் இருக்கு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ் மாதிரி சொந்தத் தகவல் வெளிய தெரியுதுன்னு சொல்லி சர்ச்ல இருந்து நீக்கச் சொல்லிக் கேக்குறது. மறுக்கவும் செய்வாங்க, ஒத்துக்கிட்டாலும் சில சமயம் நம்ம பேரைப் போட்டுத் தேடும்போது மட்டும் வராம பண்ணுவாங்க, ஃபைல் அங்கேயேதான் இருக்கும்.

பேர் ஒத்துமைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அதே பேர்ல ஒரு பேராசிரியர் இருக்காரு, ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதித் தள்ளிருக்காரு, முதல் பக்கத்துல பாதி அவர்தான். அவரைத் தாண்டி மேல வரணும்னு மல்லுக்கட்டுறது வெட்டி வேலை. தேடுறவங்களுக்கு இது வேற ஆள்னு ஒரு செகண்ட்ல புரிஞ்சா போதும். எல்லா இடத்துலயும் Karthikeyan Selvaraj-னு ஒரே மாதிரி பேரு, ஒரே போட்டோ, பக்கத்துலயே front-end developer, Erode. புது டொமைன் வாங்கி ஒரே ஒரு பக்கம் போட்டு, சர்ச் கன்சோல்ல சேத்து இண்டெக்ஸ் பண்ணச் சொல்லிக் கேட்டு வச்சேன். அது எப்ப வரும்னு நம்ம கையில இல்ல, அதனால இதை முதல்லயே பண்ணிட்டு மத்ததைப் பாக்குறது நல்லது.

எல்லாத்தையும் அழிச்சுட்டா நல்லதுன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னான், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தேடுனா ஒண்ணுமே வராத ஆளு போட்ட மெயில் ஸ்பேம் மாதிரிதான் தெரியும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ஆரம்பத்துல கேட்ட அசட்டுக் கேள்விங்க எல்லாம் அப்படியே விட்டுட்டேன், பல வருஷமா இந்த வேலைல இருக்கான்னு அதுவே சொல்லுது. கூகுள் மேப்ல ஒரு பிரியாணிக் கடைக்குப் போட்ட ஒரு ஸ்டாரும் என் பேர்லயே இருக்கு, அதையும் எடுக்கல, பிரியாணி நிஜமாவே சரியில்ல.

கடைசியா தங்கச்சி ஜிமெயிலுக்கு ஒரு டெஸ்ட் மெயில் போட்டுப் பாத்தேன். கொடைக்கானல் ட்ரிப்ல கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ பக்கத்துல வந்து நின்னுச்சு, கூகுள் அக்கவுண்ட் போட்டோதான் மெயில்ல போகும்னு யாருக்கு ஞாபகம் இருக்கு. "இதப் பாத்துட்டா அண்ணா உனக்கு வேலை குடுக்கப் போறாங்க?"ன்னா. மாத்திட்டு பிங்லயும் ஒரு தடவை தேடுனேன், அங்க அந்த பிடிஎஃப் இன்னும் இருந்துச்சு. கூகுள்ல எடுத்தா பிங்ல போகாது, டக்டக்கோவும் பெரும்பாலும் பிங் ரிசல்ட்டைத்தான் காட்டுது, அதுக்குத் தனியா பிங்கோட Content Removal பக்கத்துல யூஆர்எல்லைக் குடுக்கணும். அதைக் குடுத்து, அங்கயும் போனதுக்கு அப்புறம்தான் லிஸ்ட்ல முதல் ஏஜென்சிக்கு மெயில் போட்டேன்.