சுவர்ணபூமியில் பாத் மாற்றுவது எங்கே?

பாங்காக் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பணத்தை இங்கேயே தாய்லாந்து பாத்தா மாத்திட்டுப் போகலாமா, அங்கே போய் மாத்தலாமா, இல்ல கார்டு போதுமா?" சுவர்ணபூமி விமான நிலையத்தைப் பொறுத்தவரை எந்த மாடியில் மாற்றுகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

இமிகிரேஷன் முடித்து பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் நிற்பது இரண்டாம் தளம். கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் வங்கிகளின் கவுண்டர்கள். களைப்பில் முதல் கவுண்டரிலேயே மாற்றிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து, லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்குங்கள். நகருக்குள் போகும் ஏர்போர்ட் ரயில் லிங்க் நிலையத்தின் பக்கத்தில் சூப்பர்ரிச் போன்ற தனியார் மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும். நான் போன அன்று ஒரு டாலருக்கு மேலே போர்டில் 32.60 பாத், கீழே 34.20. 300 டாலர் மாற்றினேன். வித்தியாசம் மட்டும் 480 பாத். நகருக்குள் போகும் டாக்ஸிக் காசில் பெரும்பகுதி அது.

பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். டாலர் நோட்டிலும் தராதரம் உண்டு. நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, இருபதுக்கும் பத்துக்கும் அதைவிடக் குறைந்த விலை என்று போர்டிலேயே தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது என்றால் தள்ளிவிடுவார்கள். அதனால் சென்னையில் டாலர் வாங்கும்போதே "நூறு டாலராகக் கொடுங்க, புது நோட்டா" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ரூபாயை அப்படியே எடுத்துப் போய் அங்கே மாற்றுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். விலை அடிமட்டமாக இருக்கும்.

அப்புறம் ஏடிஎம். வெளிநாட்டு கார்டு போட்டால் தாய்லாந்து வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 220 பாத் அளவில் கட்டணம் பிடிக்கின்றன. எவ்வளவு எடுத்தாலும் அதே கட்டணம். அவசரத்துக்கு 2,000 பாத் எடுத்தால் அதிலேயே 11 சதவீதம் போச்சு. 10,000 எடுத்தால் 2.2 சதவீதம். இதற்கு மேல், வெளிநாட்டில் கார்டைப் பயன்படுத்தினால் நம் வங்கி பிடிக்கும் மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் தனி. நம்மூர் கார்டுகள் பலவற்றில் அது 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 4.13. மார்க்கப் இல்லாத கார்டு இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுப்பது கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு ஏடிஎம் கடைசி வழிதான். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் போனால் மெஷின் கார்டைத் திருப்பித் தந்துவிடும்.

பணம் வருவதற்கு முன் திரையில் ஒரு கேள்வி வரும். "உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கப்படும்" என்று ரூபாய்க் கணக்கைக் காட்டி, ஏற்கிறீர்களா என்று கேட்கும். அக்கறையாகக் கேட்பதுபோல இருந்தாலும், அந்த விகிதத்தில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும். `Without Conversion` அல்லது `Decline` என்பதை அழுத்துங்கள். அழுத்தினால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம், வரும். மாலில் கார்டு தேய்க்கும்போதும் இதே கதைதான்: பாத்தா ரூபாயா என்று கேட்டால், பாத்.

சரி, பாத் கைக்கு வந்தாச்சு. எல்லாம் ஆயிரம் ஆயிரமாக இருக்கும். டாக்ஸி மீட்டர் 35 பாத்தில் ஆரம்பிக்கும், விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50. பாதி வழியில் டிரைவர் திரும்பி "ஹைவே?" என்பார். சரி என்றால் சுங்கச்சாவடியில் காசு நாம் கொடுக்க வேண்டும்; ஆயிரத்தை நீட்டினால் வரிசையே நம்மைப் பார்க்கும். வண்டிக்கடைகளில் கியூஆர் தொங்கும், ஆனால் அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது.

சில்லறைக்கு நான் போகும் இடம் முதல் தளத்தில், எட்டாம் நம்பர் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜிக் ஃபுட் பாயின்ட். விமான நிலைய ஊழியர்கள் சாப்பிடும் உணவுக்கூடம் அது. ஆயிரத்தைக் கொடுத்து நூறு பாத்துக்கு மட்டும் முன்பணம் கட்டினால் மீதி நூறுகளாகவும் இருபதுகளாகவும் வரும். ஒரு தட்டு சோறும் ஆச்சு, செலவழிக்காத மிச்சத்தைக் கவுண்டரில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டாக்ஸி வரிசையும் அதே தளத்தில்தான்.

மீதி ஆயிரம் நோட்டுகளை ஹோட்டல் டெபாசிட்டுக்கு ஒதுக்குங்கள். பல இடங்களில் ரொக்கமாகத்தான் கேட்பார்கள். காலி செய்யும் நாளில் அதை நூறு நூறாகத் திருப்பிக் கேளுங்கள், விமான நிலையம் திரும்பும் டாக்ஸிக்கு ஆகும்.