கவுண்டரில் மிரட்டல்: மேலதிகாரிக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்தது எப்படி

கீழக்கரைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருக்கிறேன். சவுதியில் இருக்கும் தன் அண்ணனின் பாஸ்புக்கோடு ஒருவர் வந்தார். பணம் எடுக்கும் சீட்டில் அண்ணன் பெயரில் கையெழுத்து. கம்ப்யூட்டரில் இருந்த கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை. தர முடியாது என்றேன். அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

மேனேஜர் தானே ஒரு புகார் எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பினார். "மது போதையில் வந்த ரவுடி, தகாத வார்த்தைகளால் திட்டி மிரட்டினார்." எஸ்.ஐ. படித்துவிட்டுக் கேட்டார்: "போதைன்னு யாரு பாத்தது? என்ன சொல்லி மிரட்டினாரு?" கூடப் போன பியூனுக்குப் பதில் தெரியவில்லை. புகார் திரும்பி வந்துவிட்டது.

அடுத்ததை நானே எழுதினேன். முக்கியமான இடம் இது:

"காலை 11.40 மணிக்கு, கையெழுத்து ஒத்துப்போகாததால் பணம் தர இயலாது என்று கூறினேன். அவர் கவுண்டர் கண்ணாடியைக் கையால் தட்டினார். 'சாயந்தரம் வெளிய வருவல்ல, பஸ் ஸ்டாண்டுல வச்சு வெட்டுறேன்' என்றார். பின் கேஷியரைப் பார்த்து, 'உனக்கும் சேத்துத்தான்' என்றார். 11.50க்கு வெளியேறினார்."

அவர் குடித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நடுவில் கண்ணாடி இருந்தது, வாடை எதுவும் வரவில்லை. அதையும் சேர்க்கச் சொல்லி மேனேஜர் வற்புறுத்தினார், நான் சம்மதிக்கவில்லை. அது ஒன்று பொய்யாகிப் போனால் வெட்டுவேன் என்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் பேசியதை அப்படியே போட்டதுதான் கைகொடுத்தது. "பாத்துக்கிறேன்" என்பதும் "வெட்டுறேன்" என்பதும் சட்டத்துக்கு ஒன்றல்ல. பாரதிய நியாய சன்ஹிதா 351-இல் குற்றமுறு மிரட்டல் வருகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ மிரட்டினால் அதன் 3-ஆம் உட்பிரிவு, 7 ஆண்டு வரை தண்டனை. வெறுமனே "மிரட்டினார்" என்று எழுதினால் எந்தப் பிரிவு என்று அவர்கள் எப்படி முடிவு செய்வது?

கேஷியர் என் அறிக்கையைப் பார்த்து எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உங்களுக்குக் கேட்டதை மட்டும் எழுதுங்கள் என்றேன். "வெட்டுறேன்" அவருக்குக் கேட்டிருந்தது, பஸ் ஸ்டாண்ட் கேட்கவில்லை. அப்படியே எழுதினார். எங்கள் கேமராவில் ஒலி கிடையாது, அதனால் பேச்சுக்கு எங்கள் இரண்டு பேர் எழுத்துதான் சாட்சி.

கேமராவில் இன்னொரு சிக்கல். பதிவுப் பெட்டியின் கடிகாரம் 12 நிமிடம் பின்தங்கி ஓடியது. அறிக்கையில் 11.40, படத்தில் 11.28. இந்த வித்தியாசத்தை அறிக்கையிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் நேரமே பொய் என்று வாதாடியிருப்பார்கள். பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அன்றைக்கே பென் டிரைவில் எடுக்க வைத்தேன். பணம் எடுக்கும் சீட்டையும் கிழிக்காமல் வைத்திருந்தோம்.

இந்த முறை எஸ்.ஐ. ஒரே மூச்சில் படித்தார், கேள்வி கேட்கவில்லை. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டுதான் ஸ்டேஷனை விட்டு வந்தேன். விசாரணைக்கு மிரட்டியவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரை சாயங்காலம் கிளையை மூடும்போது எங்களைத் தனியாக அனுப்பக் கூடாது என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.