ஒரே பாஸ்வேர்டை விட்டு வெளியே வந்த கதை

எங்கள் கடை மதுரை விளக்குத்தூண் பக்கம். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். கல்லாவில் அப்பா, கணினியில் நான், பில் போட ஒரு அக்கா, பார்சல் கட்டி லாரி செட்டில் போட்டு வர ஒரு தம்பி. இந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டுதான் இருந்தது. கடைப் பெயரும் 123-ம். கல்லா மேசையின் கண்ணாடிக்கு அடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தோம். கணக்கு எழுதும் டாலி, வெளியூருக்குச் சரக்கு அனுப்ப அரசுத் தளத்தில் போடும் இ-வே பில், கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பக்கம் எல்லாவற்றுக்கும் அதே சாவி. எட்டு வருஷம் ஓடியது.

அந்த ஓட்டம் 2025 ஏப்ரல் 1 அன்று நின்றது. இ-வே பில் தளத்தில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த ஓடிபி அன்றிலிருந்து எல்லோருக்கும் கட்டாயமானது. பாஸ்வேர்டு போட்டாலும் பதிவு செய்த கைபேசிக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் உள்ளே போக முடியும். எங்கள் பதிவில் இருந்த கைபேசி யாருடையது? பழைய கணக்கருடையது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு வேலை முழுவதையும் அவர்தான் பார்த்தார். ‘உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்’ என்று தன் நம்பரையும் தன் மின்னஞ்சலையும் போட்டுக்கொண்டார். அப்பாவுக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பார்சலுக்கும் அவருக்குப் போன் செய்து ஓடிபி கேட்டோம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரே நாளில் நாலு முறை கூடக் கேட்டிருக்கிறோம். அவருக்கு அலுப்பு தட்டியதில் தப்பில்லை. அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார், எங்களோடு பழைய சம்பளப் பாக்கி பற்றி ஒரு மனஸ்தாபமும் வந்தது. போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் பெங்களூருக்கு ஒரு கட்டு போக வேண்டும். 80 சேலை, சேலை 750 ரூபாய், 60,000. ஐந்து சதவீத வரி சேர்த்து 63,000. வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் இல்லாமல் லாரி ஏற்றாது. (தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம் வரை தேவையில்லை, திண்டுக்கல், திருநெல்வேலி பார்சலாக இருந்தால் தப்பித்திருப்போம்.) ஏழு மணியிலிருந்து எட்டரை வரை கணக்கருக்கு அழைத்துக்கொண்டே இருந்தோம். லாரி போய்விட்டது. தம்பி செட்டிலிருந்து கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் லாரி செட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். நாம் ஒப்புக்கொண்டால் நம் சார்பில் டிரான்ஸ்போர்ட்காரரே இ-வே பில் போடலாம், விதியில் இடம் இருக்கிறது. பில்லைக் கொடுத்தோம், போட்டுக் கொடுத்தார். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நிரந்தர வழி ஆகாது. பில்லில் அவர் ஏதாவது ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் நாம்தான் அலைய வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவிலுள்ள கைபேசியை மாற்றுவது எளிதான வேலைதான். தளத்திலேயே திருத்தம் போட்டு ஓடிபி கொடுத்தால் முடிந்தது. ஆனால் அந்த ஓடிபியும் கணக்கருக்குத்தானே போகும்! அதனால் கெஞ்சிச் சொல்கிறேன், உங்கள் பதிவில் வேறொருவர் நம்பர் இருந்து, அவர் இன்னும் போனை எடுக்கிறார் என்றால், இன்றைக்கே அவரைக் கடைக்கு வரவழைத்து டீ வாங்கிக் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. நம் பதிவு எந்த வரி அதிகாரியின் எல்லையில் வருகிறதோ அவரிடம் நேரில் போய், ஆளையும் கடையையும் நிரூபித்தால், அவர் தன் பக்கத்திலிருந்து கைபேசியையும் மின்னஞ்சலையும் மாற்றித் தருவார். இதில் நான் இரண்டு நாளை வீணாக்கினேன். முதல் நாள் போனது தவறான அலுவலகம். ஜிஎஸ்டியில் மாநில அதிகாரிகளும் உண்டு, மத்திய அதிகாரிகளும் உண்டு. ஒரு கடை இருவரில் ஒருவர் பொறுப்பில்தான் இருக்கும். நான் பழைய வாட் காலத்து நினைப்பில் நேராக மாநில அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எங்கள் கோப்பு மத்தியப் பக்கம். வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். gst.gov.in தளத்தில் `Search Taxpayer` பகுதியில் நம் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் `Administrative Office` என்ற வரியில் சொல்லிவிடுகிறது. உள்ளே நுழையக்கூட வேண்டாம்.

இரண்டாம் நாள் சரியான இடத்துக்குப் போனேன். பான், ஆதார், பதிவுச் சான்றிதழ், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் கையில். கடிதத்தில் கையெழுத்து மட்டும் என்னுடையது. “உங்க பேர் பதிவுல எங்கம்மா இருக்கு? அப்பாவை வரச் சொல்லுங்க” என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரோ ஒருத்தி கடிதம் கொடுத்து நம்பரை மாற்ற முடிந்தால் அது இதைவிட மோசம். அப்பா கடையை விட்டு வர மாட்டேன் என்று நாலு நாள் இழுத்தடித்து, ஐந்தாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டார். அதன்பின் புது மின்னஞ்சலுக்குத் தற்காலிக பாஸ்வேர்டு வந்தது. உள்ளே போய் மாற்றிக்கொண்டேன்.

இத்தனை அலைந்தபின் ஓடிபி அப்பா போனுக்கு வர ஆரம்பித்தது. நிம்மதி இரண்டு நாள்தான். அப்பா கல்யாண வீட்டுக்குப் போனால் பார்சல் நின்றது. அப்போதுதான், ஒரே நம்பர் யாரிடம் இருந்தாலும் கதை இதுதான் என்று உறைத்தது.

ewaybillgst.gov.in தளத்திலேயே இதற்கு விடை இருந்தது. `User Management` பகுதியில் துணைப் பயனர் உருவாக்கலாம். கடையின் பயனர்பெயரோடு நாம் கொடுக்கும் சின்ன வால் ஒன்று சேர்ந்து அவருக்குத் தனிப் பெயர் ஆகிறது. அவர் இ-வே பில் போடலாமா, நமக்கு வரும் பில்லை மறுக்கலாமா, அறிக்கை பார்க்கலாமா என்று தனித்தனியாக டிக் செய்யலாம். முக்கியமான விஷயம், அவருக்கான ஓடிபி அவர் போனுக்கே போகும். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று போட்டேன். இருவருக்கும் பில் போடும் உரிமை மட்டும். ஆள் வேலையை விட்டுப் போனால் அந்தப் பெயரை மட்டும் முடக்கிவிடலாம். கணக்கர் போனபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இதிலும் ஒரு சறுக்கல். தம்பிக்கு ஓடிபி வரவே இல்லை. தளம் கோளாறு என்று அரை மணி நேரம் திட்டினேன். அவன் கொடுத்த சிம்மில் ரீசார்ஜ் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது. கூச்சத்தில் சொல்லவில்லை. இனி அவன் ரீசார்ஜ் கடைச் செலவு.

அடுத்து டாலி. எனக்கு உண்மையில் உறுத்தலாக இருந்தது இதுதான். போன தீபாவளிக்கு ஒரு பில்லில் தள்ளுபடி 5 சதவீதமாகப் போட்டது, பிறகு 12 சதவீதமாக மாறியிருந்தது. யார் மாற்றியது என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போனால் எப்படித் தெரியும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பார்வை எல்லாம் தம்பி மேல் விழுந்தது. அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

டாலியில் நிறுவன விவரத்தைத் திறந்து `Control User Access to Company Data` என்பதற்கு `Yes` கொடுத்தால் தனித்தனிப் பெயர் வைக்கலாம். நிர்வாகி நான், மற்றவர்களுக்கு `Data Entry` பொறுப்பு. கூடவே எடிட் லாக்கையும் இயக்கிவிட்டேன். எந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்று அது வைத்துக்கொள்ளும். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்த லாக் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும்.

அக்காவிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. “பதினோரு வருஷம் ஆச்சு, இப்பத்தான் சந்தேகம் வந்துச்சா?” என்றார். எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. தீபாவளிப் பில்லைத்தான் சொன்னேன். “அன்னைக்கு உங்க பேர் தனியா இருந்திருந்தா அந்தத் தம்பியை யாரும் பார்த்திருக்க மாட்டாங்கக்கா.” சரி என்று சொல்லவில்லை. ஆனால் தன் பாஸ்வேர்டை நான் பார்க்காதபடி கையை மறைத்துத் தட்டினார்.

பழைய தேதியில் பில் போடுவதற்கு எத்தனை நாள் அனுமதி என்று அந்தப் பொறுப்பிலேயே ஒரு வரம்பு உண்டு. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு நாள் என்று வைத்தேன். ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலை, சனி இரவு விட்டுப்போன பில்லைப் போட முடியாமல் அக்கா என்னைக் கூப்பிட்டார். மூன்று நாளாக மாற்றினேன். இன்னொரு தொல்லை, கடையில் கணினி ஒன்றுதான். அக்கா சாப்பிடப் போனால் அவர் பெயரிலேயே தம்பி பில் போட்டுவிடுவான். இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. எழுந்து போகும்போது வெளியேறிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இன்னும் பாதி நாள் மறக்கிறார்கள்.

கூகுள் கடைப் பக்கத்தை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக உரிமையாளராகச் சேர்த்தவரால் முதல் ஏழு நாள் மற்றவர்களை நீக்க முடியாது, முதன்மை உரிமையையும் அவருக்கு மாற்ற முடியாது. பிழை காட்டும். நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று மூன்று முறை அழித்து அழித்துச் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏழு நாள் புதிதாக ஆரம்பித்தது. தம்பிக்கு மேலாளர் பொறுப்பு போதும், படம் போடலாம், விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம், ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

மூன்றாம் வாரம் ஒரு பில்லில் தள்ளுபடி மறுபடி மாறியிருந்தது. எடிட் லாக்கைத் திறந்தேன். அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார். இரவு 9:40-க்கு மாற்றியவர் பெயர் அப்பா. வாடிக்கையாளர் போனில் கேட்டாராம், பழைய பழக்கம், நேரடியாகப் போய்த் திருத்திவிட்டார். தீபாவளிப் பில்லும் அப்படித்தானா என்று கேட்டேன். அப்பா கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தம்பியைக் கூப்பிட்டு ஜிகர்தண்டா வாங்கி வரச் சொன்னார், நாலு பேருக்கும்.