எங்கள் துறையின் ஹேக்கத்தானுக்குப் பெயர் வைக்கப் பட்ட பாடு

எங்கள் கணினித் துறை நடத்தும் ஹேக்கத்தானின் பொறுப்பு என்னிடம் வந்தபோது அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை போட்டி நடத்த முடியாத நிலை. முந்தைய குழு முதலில் ஸ்பான்சர் நிறுவனத்தின் பெயரையும், நடுவில் ‘ஏஐ’யையும், கடைசியில் 2K23 என்ற ஆண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தது. ஸ்பான்சர் மறு ஆண்டே விலகிக்கொண்டது. முந்தைய போட்டியில் மாணவர்கள் செய்து காட்டிய செயலிகளில் பெரும்பாலானவை ஏஐ பக்கமே போகாதவை. ஆண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை நீக்கினால் ‘ஹேக்’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. பின்னால் அதற்கும் சோதனை வந்தது.

பெயரைவிடப் பெரிய இழப்பு இன்ஸ்டாகிராம் கணக்கு. கணக்கின் பெயரிலும் 2k23 இருந்ததால் அதை அப்படியே தொடர முடியாது என்பது ஒருபுறம். மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, அது இறுதியாண்டு மாணவர் ஒருவரின் சொந்தக் கைபேசி எண்ணில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டார். ஓடிபி யாருக்குப் போகிறதோ தெரியவில்லை. முந்தைய ஆண்டு பின்தொடர்ந்த மாணவர்கள் அத்தனை பேரும் கைவிட்டுப் போனார்கள். ஆண்டுதோறும் நடக்க வேண்டிய போட்டியின் கணக்கில் ஆண்டைச் சேர்க்கக் கூடாது, கணக்கைத் துறையின் மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும் என்ற இரண்டையும் பெயர் தேடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

புதுப் பெயருக்கான கூட்டத்தில் நான் முதலில் வைத்த நிபந்தனை, மாறக்கூடிய எதுவும் பெயருக்குள் வரக் கூடாது என்பது. நிறுவனப் பெயர் எப்படி மாறும் என்று ஒரு மாணவர் கேட்டார். 2011இல் தொடங்கிய ஃபேஸ்புக் ஹேக்கர் கப், நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டதும் மெட்டா ஹேக்கர் கப் ஆகிவிட்டதை எடுத்துக்காட்டினேன். நடத்துகிற நிறுவனத்தின் பெயரே இப்படி மாறும்போது, ஒரே ஓர் ஆண்டு பணம் கொடுக்கும் ஸ்பான்சரின் பெயரை எப்படி நம்புவது? மாதத்தையும் மணி நேரத்தையும்கூட விலக்கினோம். அக்டோபரைப் பெயருக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2014 முதல் நடக்கிறது என்றால், அது இணையவழியில் மாதம் முழுவதும் நடப்பது. எங்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை வந்த பிறகுதான் தேதியே கிடைக்கும். மணி நேரமும் நம் கையில் இல்லை. ‘24’ என்று பெயர் வைத்துவிட்டு, மாணவியர் விடுதியில் இரவு அனுமதி கிடைக்காமல் போட்டியைக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று சுருக்க நேர்ந்தால், சுவரொட்டியைப் பார்ப்பவர் சிரிப்பார்.

இதற்குப் பிறகு வந்த யோசனைகளில் பாதி, நம் ஊர் சிம்போசியங்களுக்கு வழக்கமாக வைக்கும் பாணியிலேயே இருந்தன. ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு ‘z’ போடுவது, ‘ட்ரான்’ என்று முடிப்பது, இலத்தீன் போல ஒலிக்கும் ஏதோ ஒன்றை உருவாக்குவது. சுவரொட்டியில் இவை கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட பெயரை ஒரு மாணவர் இன்னொருவரிடம் வாயால் சொல்லும்போது ‘z’ கேட்பதில்லை; கேட்டவர் ‘s’ போட்டுத் தேடி, வேறொரு கல்லூரியின் விழாவில் போய் நிற்பார். ஆகவே ஒவ்வொரு பெயரையும் அலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் அதை எப்படித் தட்டச்சு செய்து அனுப்புகிறார் என்று பார்த்தோம். பட்டியல் சடசடவென்று சுருங்கியது.

தமிழ்ப் பெயர்களும் இதே சோதனையில்தான் விழுந்தன என்பது எனக்கு வருத்தம். ‘எழுச்சி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது Ezhuchi, Eluchi, Ezhuchchi என்று ஆளுக்கு ஒரு விதமாகத் திரும்பி வந்தது. ‘உதயம்’ என்று தேடினால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளம் வந்து நின்றது. ‘விடியல்’ என்று ஒருவர் சொன்னதும், 2021 தேர்தலுக்குப் பிறகு அந்தச் சொல் எந்தக் கட்சியோடு சேர்ந்து காதில் விழுகிறது என்பதை நினைத்து எங்கள் கல்லூரி முதல்வர் கையெடுத்துக் கும்பிட்டார். நிறுவனரின் பெயரை வைக்கலாம் என்று மேலிடத்திலிருந்து மெல்லிய குரலில் ஒரு யோசனை வந்தபோது, அப்படி வைத்தால் வெளிக் கல்லூரி மாணவர்கள் அதை நம் கல்லூரிக்குள் நடக்கும் போட்டி என்று நினைத்துப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவார்கள் என்று சொல்லித் தப்பித்தேன், அது உண்மையும்கூட.

கடைசியில் எங்கள் பகுதி ஆற்றின் பெயரில் வந்து நின்றோம். எந்த ஆறு என்று சொன்னால் கல்லூரி தெரிந்துவிடும் என்பதால், ஒரு பேச்சுக்கு நொய்யல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் பெயருக்கு ஒரு வசதி உண்டு. வரைபடத்திலும் பாலத்தின் பெயர்ப்பலகையிலும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் பல காலமாக இருப்பதால் யாரும் அதைத் தவறாகத் தட்டச்சு செய்வதில்லை. கட்சிக்கும் சாதிக்கும் உரியதாகவும் அது ஒலிப்பதில்லை. குறையும் உண்டு. வெறும் ‘நொய்யல்’ என்று தேடினால் சாயக்கழிவுச் செய்திகள்தான் வரிசையாக வரும். அதனால் பின்னால் இன்னொரு சொல் கட்டாயம் தேவைப்பட்டது.

அந்த இரண்டாம் சொல் ‘கோட்’ஆ, ‘ஹேக்’ஆ என்பதில்தான் உண்மையான சண்டை. நிர்வாகத்துக்கு உறுத்தாது என்று பலரும் ‘கோட்’ பக்கம் சாய்ந்தார்கள். நான் மறுத்ததற்குக் காரணம், பக்கத்துத் துறையில் நான் நேரில் பார்த்தது. அவர்கள் தங்கள் ஹேக்கத்தானுக்குக் ‘கோட்’ என்று தொடங்கும் பெயரை வைத்தார்கள். பதிவு செய்தவர்களில் கணிசமானோர் கோட்செஃப், ஹேக்கர்ரேங்க் தளங்களில் அல்காரிதம் கணக்குகளைத் தீர்த்துப் பழகியவர்கள். குழு இல்லாமல் தனியாக வந்து, கேள்வித்தாளுக்கான இணைப்பு எங்கே என்று கேட்டார்கள். மறுபுறம், செயலி செய்யத் தெரிந்த, ஆனால் அல்காரிதம் என்றால் ஒதுங்கிப் போகும் மாணவர்கள் இது தங்களுக்கானது அல்ல என்று பதிவே செய்யவில்லை. கேள்விக்கு விடை எழுதி, மதிப்பெண்ணைக் கணினியே போடும் போட்டி வேறு. குழுவாக உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்து நடுவருக்குக் காட்டும் போட்டி வேறு. இரண்டாம் சொல் எது என்பதை வைத்துத்தான் மாணவர் அதைப் புரிந்துகொள்கிறார். முதல் சொல் நினைவில் நிற்க வேண்டும், இரண்டாம் சொல் போட்டியின் வகையைச் சொல்ல வேண்டும் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏஐ, பிளாக்செயின் போன்ற தலைப்புகளை அந்தந்த ஆண்டின் பிரிவுகளாக வைத்துக்கொள்ளலாம். பெயரில் அவை இருந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள்.

கோப்பு நிர்வாக அலுவலரிடம் போனது. அவர் பெயரை மட்டும் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ஹேக்குன்னா அடுத்தவங்க கணக்குல புகுந்து திருடுறதுதானே மேடம்? அதுக்கு நம்ம காலேஜே பரிசு குடுக்கலாமா?” என்றார். விளக்கம் எதுவும் எடுபடவில்லை. கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. பதிவைத் திறக்க முடியாமல் நாள்கள் போயின. அவருக்குத் தேவையானது விளக்கம் அன்று, முன்னுதாரணம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மத்தியக் கல்வித் துறை 2017 முதல் நடத்திவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் தொடர்பாக நம் கல்லூரிக்கே வந்திருந்த சுற்றறிக்கையை அச்செடுத்து, கோப்பின் மேலே வைத்து, அந்தச் சொல்லை மஞ்சள் மையால் குறித்து அனுப்பினேன். மறுநாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. இதே தடையில் நிற்பவர்கள் நேரத்தை வீணாக்காமல் முதலிலேயே இதைச் செய்யுங்கள்.

சொல்லுக்கு அனுமதி கிடைத்தாலும், வெளியே போட்டிக்கு வரும் நாளையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஓடி’ அனுமதி பிற கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே. முந்தைய ஆண்டு சில குழுக்கள் கடைசி நேரத்தில் விலகியதற்கு, அழைப்புக் கடிதத்தில் இருந்த பெயரைப் பார்த்த அவர்களுடைய துறைத் தலைவர்கள் ஏதோ கலை விழா என்று நினைத்து ‘ஓடி’ மறுத்ததே காரணம் என்று கேள்விப்பட்டோம். அதனால் பெயருக்கு அடியில் ‘கல்லூரிகளுக்கு இடையிலான மென்பொருள் உருவாக்கப் போட்டி’ என்ற வரியை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டோம். மாணவரை ஈர்ப்பது மேல் வரி. அவருடைய துறைத் தலைவரைக் கையெழுத்திட வைப்பது கீழ் வரி. இரண்டையும் ஒரே பெயரால் சாதிக்க முயன்றால் நீளமான, யாருக்கும் வாயில் நுழையாத ஒன்றுதான் கிடைக்கும்.

எக்ஸ் தளத்தில் கணக்கின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும்; இன்ஸ்டாகிராமில் 30 வரை போகலாம். NoyyalHack போன்ற பத்தெழுத்துப் பெயர் இரண்டிலும் அடங்கும். நடுவில் சிறு கோடு போடாதீர்கள். ஹேஷ்டேக் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். வணிகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் கல்வி, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பிலும் ஒருமுறை தேடிவிடுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

எழுத்துக்கூட்டலில் நான் எதிர்பாராத அடி, தர உறுதிப் பிரிவிலிருந்து வந்தது. சுற்றறிக்கையில் பெயர் இரண்டு சொற்களாகவும், சுவரொட்டியில் ஒரே சொல்லாகவும், சான்றிதழில் முழுக்கப் பெரிய எழுத்துகளிலும் இருந்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்புக்கான ஆவணத்துக்கு இவை ஒரே நிகழ்ச்சி என்று ஏற்க முடியாது என்று சொல்லிக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். அச்சடித்த சான்றிதழ்களை மாற்ற முடியாது என்பதால், எல்லாமே ஒரே நிகழ்ச்சிதான் என்று முதல்வரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்கி இணைத்த பிறகுதான் ஏற்றார்கள். இப்போது பெயரை எப்படி எழுத வேண்டும், ஆண்டை எங்கே போட வேண்டும், ஹேஷ்டேக் எது, கணக்குகள் எந்த மின்னஞ்சலில் உள்ளன என்பதை ஒரே தாளில் எழுதித் துறைத் தலைவரின் கையெழுத்தோடு வைத்திருக்கிறோம். மாணவர் செயலர் மாறும்போது அந்தத் தாளும் கைமாறும். ஆண்டு, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மட்டும் வரும். ‘2.0’, ‘3.0’ வேண்டாம் என்பதும் அதில் உண்டு. ஓர் ஆண்டு நடக்காமல் போனால் எண்ணுக்கும் ஆண்டுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இந்த ஆண்டு வந்த புது ஸ்பான்சரும் தங்கள் பெயரை முன்னால் போடச் சொன்னார்கள். அந்தத் தாளைக் காட்டினோம். ‘வழங்குபவர்’ என்று கீழே போடச் சம்மதித்துவிட்டார்கள். ஒன்றுதான் பாக்கி. இணைய முகவரியைக் கல்லூரியின் பெயரில் புதுப்பிக்க, ஆயிரம் ரூபாய்கூட வராத அந்தத் தொகைக்குக் கணக்குப் பிரிவு மூன்று விலைப்புள்ளிகள் கேட்டது. முகவரி காலாவதியானால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பதால் என் அட்டையிலிருந்தே கட்டிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை.